பெயர்ப்பலகை முதல் றாக்கை வரை: கிளைக் கடைகளின் தோற்றத்தைத் தணிக்கை செய்யும் முறை

பருத்தித்துறைக் கிளையின் கண்ணாடிக் கதவில் ‘யாழப்பாணம’ என்று இருந்தது. ‘ழ்’ இன் புள்ளியும் ‘ம்’ இன் புள்ளியும் கழன்று விழுந்துவிட்டன. ஒட்டு எழுத்தை வெட்டும்போது புள்ளி தனித் துண்டாக வரும். அதன் அளவு சிறியது, ஒட்டும் பரப்பும் குறைவு. ஆகவே கதவைத் தேய்த்துக் கழுவினால் முதலில் போவது அதுதான். மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கடையைப் பார்த்தவர், ‘கதவில் எழுத்து இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஓம்’ என்று குறித்திருந்தார். எழுத்து இருந்தது, அதனால் அவர் எழுதியது பிழையில்லை. பிழை கேள்வியில் இருந்தது. அந்தக் கேள்வியை எழுதியவன் நான்.

நான் பார்க்கும் கிளைகள் எட்டு. சரக்குத்தூள், மோர்மிளகாய், ஒடியல்மா, நல்லெண்ணெய், பனங்கட்டி போன்றவற்றை ஒரே பெயரில் விற்கிற கடைகள். தலைமைக் கடை யாழ்ப்பாண நகரில் இருக்கிறது. மற்றவை சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி, பருத்தித்துறை என்று பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு முதலாளி உரிமம் எடுத்து நடத்துகிறார். பலகையின் நிறம், இலச்சினையின் அளவு, எந்தப் பொருள் எந்தத் தட்டில் எத்தனை முகமாக நிற்கவேண்டும் என்பதெல்லாம் தலைமை அலுவலகத்தின் தரக் கையேட்டில் உண்டு. கையேட்டோடு கடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் தணிக்கை. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது அதில் பாதி வேலை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது மற்றப் பாதி. அதைச் செய்யாவிட்டால் குற்றம் எப்போதும் கடைக்காரர் தலையில்தான் விழும்.

புறப்படுமுன்

முதலில் கையேட்டின் எந்தப் பதிப்பு அந்தக் கடைக்குப் போனது என்று பாருங்கள். பழைய பதிப்பின்படி திறந்த கடையைப் புதிய பதிப்பால் அளந்தால், ‘பிழை’ என்று எழுதுகிற பலதும் பிழையாக இராது. மாற்றம் வந்ததை எழுத்தில் அறிவித்தார்களா, மாற்றிமுடிக்கத் தவணை கொடுத்தார்களா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பை. நான் கொண்டுபோவது ஓர் அளவு நாடா, இரண்டு வெள்ளை ஏ4 தாள், காகித நாடா, எந்தப் பொருள் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டும் கையேட்டு றாக்கைப் படத்தின் அச்சுப் பிரதி, நிறத் துண்டு ஆகியவை. நிறத் துண்டு என்றால் தலைமைப் பலகை செய்தபோது அங்கீகரித்த அதே ஸ்ரிக்கர் தாளிலிருந்து வெட்டிய, உள்ளங்கை அளவுத் துண்டு. அதை மூடிய உறையில், வெளிச்சம் படாமல் வைத்திருக்க வேண்டும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவைத்தால் அதுவும் வெளிறும். பிறகு வெளிறிய பலகையும் வெளிறிய துண்டும் அழகாகப் பொருந்தும்.

காலத்தையும் யோசியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நகரக் கிளைகளில் சலுகைப் பதாகைகள் தொங்கும். அப்போது போனால் கடையின் வழமையான முகத்தைப் பார்க்க முடியாது. திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்துப் போவது நல்லது. அப்போதும் தொங்குகிற பதாகை, கழற்றாமல் விட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். மாரி மழை முடிந்த தை மாதமும் நல்ல காலம். தண்ணீர் எங்கே உள்ளே போனது, எந்த ஆணி துருவேறிக் கோடு இறக்கியது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பலகையைப் படம் எடுப்பது

கடைக்குள் போகுமுன் வீதிக்கு மறுபக்கம் போய் நில்லுங்கள். பலகைக்கு நேர் எதிரே, நடுவில். கமராவில் கட்டக் கோடுகளைப் போட்டு, பலகையின் மேல்விளிம்பு கோட்டோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு மடங்கு வில்லையிலேயே எடுங்கள். இடம் போதாது என்று அகல வில்லைக்கு மாறினால் ஓரங்கள் இழுபடும், அந்தப் படத்தில் எந்த அளவையும் நம்ப முடியாது. நின்ற இடத்தையும் எழுதிவையுங்கள்: ‘மின்கம்பத்துக்கு இடப்பக்கம், மதகின் மேல்’ என்று எழுதினால் போதும். அடுத்த முறை போகிறவர் அதே இடத்தில் நின்றால்தான் இரண்டு படங்களையும் ஒப்பிடலாம்.

இந்த ஒரு படத்திலிருந்து இலச்சினை நசுங்கியிருக்கிறதா என்று கணக்காகச் சொல்லலாம். எங்கள் கையேட்டின்படி இலச்சினையின் அகலம் உயரத்தைப் போல 3.2 மடங்கு. பருத்தித்துறைப் படத்தைக் கணினியில் திறந்து அளந்தபோது அகலம் 1860 பிக்சல், உயரம் 640 பிக்சல். 1860ஐ 640ஆல் வகுத்தால் 2.9 வருகிறது. அதாவது இலச்சினையை அகலவாக்கில் ஏறத்தாழ 9 சதவீதம் நெருக்கியிருக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும்தான் பட்டது. நேராக நின்று எடுக்காத படத்தில் இந்தக் கணக்கைப் போடவேண்டாம். பக்கவாட்டில் நின்று எடுத்தால் நல்ல இலச்சினையும் நசுங்கித்தான் தெரியும்.

ஏன் நெருக்கினார்கள்? அந்தக் கடையின் முகப்பு ஒடுக்கம். பழைய கட்டடம், இரண்டு தூண்களுக்கு நடுவேதான் பலகை வைக்க இடம். கையேட்டிலோ அகலமான முகப்புக்கான வடிவமைப்பு ஒன்றுதான் இருந்தது. பலகை செய்தவர் இருந்த இடத்துக்குள் கொண்டுவர ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கிவிட்டார். இதைக் கடைக்காரர் குறையென்று எழுதினால், அவர் புதுப் பலகை செய்வித்தாலும் அதே நசுங்கல்தான் வரும். கையேட்டில் ஒடுங்கிய முகப்புக்கு இரண்டாவது வடிவமைப்பு வேண்டும் என்றுதான் என் அறிக்கையில் எழுதினேன்.

நிறம்: வெளிறியதா, தொடக்கத்திலேயே பிழையா

தொலைபேசிப் படத்தை வைத்து நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காட்சியில் இருக்கிற வெளிச்சத்துக்கு ஏற்பக் கமரா தானே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். காலையில் எடுத்த சிவப்பும் பின்னேரம் எடுத்த சிவப்பும் ஒரே பலகையிலேயே வேறாக வரும். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் ஒட்டி எடுத்தால் ஓரளவு திருத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். நிறத்தை நேரில், நிறத் துண்டைப் பலகைமேல் வைத்து, வெயில் நேரே படாத நிழலில் பார்க்கவேண்டும். நிறம் அளக்கும் சிறு கருவி இருந்தால் வித்தியாசத்தை டெல்டா ஈ என்ற எண்ணாகத் தரும். 1க்குக் கீழே வந்தால் கண்ணுக்குத் தெரியாது. 2, 3 என்றால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். 5ஐத் தாண்டினால் யாருக்கும் தெரியும். கருவி இல்லாவிட்டாலும் துண்டை வைத்து நல்ல முடிவுக்கு வரலாம்.

பருத்தித்துறையில் துண்டைப் பலகைமேல் வைத்தபோது, எங்கள் கடும் சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பலகை கழுவிக் கழுவித் தேய்ந்த துணிபோல இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: வெயிலில் வெளிறியிருக்கலாம், அல்லது அச்சடித்த நாளிலேயே இப்படித்தான் வந்திருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பலகையைச் சுற்றியிருக்கும் அலுமினியச் சட்டத்தின் ஒரு மூலை ஆணியைத் தளர்த்தி, சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த ஓரம் துண்டோடு பொருந்தினால் வெளிறல். அதுவும் பொருந்தாவிட்டால் அச்சுப் பிழை. கடை முதலாளியிடம் கேட்டுவிட்டுத் தளர்த்துங்கள்.

அங்கே சட்டத்துக்குள் இருந்த விரலகல ஓரம் நல்ல சிவப்பு. ஆகவே வெளிறல்தான். அடுத்ததாக, ஏன் இவ்வளவு வேகமாக? கமராவை எழுத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். நிறம் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சடித்த பிளெக்ஸ். ஒரே சீராகத் தெரிந்தால் நிறமூட்டிய ஸ்ரிக்கர் தாளை வெட்டி ஒட்டியது. அச்சு மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலுக்கு முந்திப் போகும், சிவப்பு உண்டாவதே அந்த இரண்டாலும்தான். அதனால் வெயிலில் நிற்கிற பிளெக்ஸ் பலகையில் முதலில் கெடுவது சிவப்புத்தான். வெட்டி ஒட்டிய தாள் கூடுதல் காலம் தாங்கும்.

கடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் குறியுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் கடைசி தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை அது தெற்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆகவே தெற்குப் பார்த்த பலகை வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் வெயில் வாங்குகிறது. மேற்குப் பார்த்த பலகைக்குப் பின்னேர வெயில். எட்டுக் கிளைக்கும் ஒரே மாற்றும் தவணை வைத்தால், வடக்குப் பார்த்த நல்ல பலகையை வீணே கழற்றுவோம், தெற்குப் பார்த்த கெட்ட பலகையை அப்படியே விடுவோம். கடற்கரைக் கிளைகளில் சோளகக் காற்று உப்பையும் தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும். அங்கே ஆணித் தலைகளையும் சட்ட மூட்டுகளையும் கட்டாயம் தொட்டுப் பாருங்கள்.

இருட்டியதும் ஒருமுறை அதே இடத்தில் நின்று பாருங்கள். பகலில் பொருந்துகிற இரண்டு சிவப்புகள் விளக்கு வெளிச்சத்தில் பொருந்தாமல் போவதுண்டு. உள்ளே எரியும் எல்ஈடிப் பட்டிகளில் செத்ததை மாற்றும்போது வேறு வெள்ளையைப் போட்டிருந்தால் பாதிப் பலகை நீலமடித்தும் பாதி மஞ்சளடித்தும் நிற்கும். இது பகலில் அகப்படவே அகப்படாது.

எழுத்து

மூன்று மொழிப் பலகையில் நாங்கள் தமிழை மட்டும் வாசித்துவிட்டு வந்துவிடுவோம். சிங்கள எழுத்தில் ஒரு குறி விடுபட்டாலும் எங்களுக்குத் தெரிவதில்லை. மூலப் படத்தின் பிரதியைக் கையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வடிவத்தை ஒப்பிடுங்கள், அல்லது படத்தைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள்.

தமிழில் பார்க்கவேண்டியவை மூன்று. ஒன்று, புள்ளிகள். எத்தனை இருக்கவேண்டுமோ அத்தனையையும் எண்ணுங்கள். இப்போது என் பட்டியலில் ‘எழுத்து இருக்கிறதா?’ என்ற கேள்வி இல்லை. ‘கதவில் 7 புள்ளி இருக்கவேண்டும். எத்தனை இருக்கிறது?’ என்றுதான் கேட்கிறேன். இரண்டு, எழுத்துரு. அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி விசைமுறையில் தட்டச்சுச் செய்கிறார்கள். கோப்பை வேறு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறிப்போய், வேறு முகத்தோடு அச்சாகிவிடும். மூன்று, மேலும் கீழும் வெட்டுப்படுவது. ஆங்கில எழுத்துக்கு அளந்த இடைவெளியில் தமிழை வைத்தால் ‘கீ’யின் சுழியும் ‘கூ’வின் காலும் சட்டத்தில் முட்டும்.

பருத்தித்துறை அண்ணையிடம் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, கண்ணாடி பளிச்செண்டு இருக்கவேணும் எண்டு போனமுறை எழுதினீங்கள்தானே, அதுதான் நாளுக்கு நாள் தேய்ச்சுக் கழுவுறம்” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த வரியையும் நாங்கள்தான் எழுதியிருந்தோம். ஒட்டு எழுத்தைக் கண்ணாடியின் உட்பக்கம் திருப்பி ஒட்டினால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது கழராது. இப்போது புதிய கதவுகளுக்கெல்லாம் அப்படித்தான்.

றாக்கை

உள்ளே போனதும் முதலில் படம், பிறகுதான் பேச்சு. நீங்கள் யார் என்று சொன்ன கணத்திலிருந்து கை நீளத் தொடங்கும். போத்தல்கள் திரும்பும், பக்கற்றுகள் நேராகும். அது இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்திய நிலை. உரிம ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கவும் படம் எடுக்கவும் இடம் இருக்கிறதா என்பதை முதலே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் வருவது முன்பே தெரிந்திருந்தால், தூசி காட்டிக்கொடுக்கும். நெல்லியடியில் மூன்றாம் தட்டிலிருந்து ஒரு நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கினேன். அதன் அடியில் வட்டமாகச் சுத்தமான தடம் இருக்கவேண்டும். இருந்ததோ நீள்சதுரத் தடம், பக்கற் வைத்த அடையாளம். போத்தல் அங்கே வந்து ஒரு நாள்கூட ஆகியிராது. வட்டத்துக்கு வட்டம், சதுரத்துக்குச் சதுரம் பொருந்துகிறதா என்று நாலைந்து இடத்தில் தூக்கிப் பாருங்கள்.

எண்ணுவது முகங்களை. முன்வரிசையில் வாடிக்கையாளரைப் பார்த்து நிற்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு முகம், பின்னால் எத்தனை நின்றாலும் கணக்கில்லை. றாக்கைப் படத்தோடு தட்டுத் தட்டாக, இடமிருந்து வலமாக ஒப்பிடுங்கள். விலைச் சீட்டை நம்பவேண்டாம். சீட்டில் மிளகாய்த்தூள், பின்னால் மல்லித்தூள் என்பது அடிக்கடி நடக்கும்.

இங்கேதான் கணக்குப் பிழைக்கும் இடம். எங்கள் முதன்மை றாக்கையில் 60 முகம். நெல்லியடியில் 41 சரி, சுன்னாகத்தில் 44 சரி. சதவீதம் போட்டால் நெல்லியடி 68, சுன்னாகம் 73. அப்படியே அனுப்பியிருந்தால் சுன்னாகத்துக்குப் பாராட்டும் நெல்லியடிக்குக் கடிதமும் போயிருக்கும். ஆனால் பிழையான ஒவ்வோர் இடத்துக்கும் பின்னறைக்குப் போய், அந்தப் பொருள் கடையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நெல்லியடியில் பிழைத்த 19 இல் 11 முகத்துக்குரிய சரக்கே கடையில் இல்லை. ஓடர் கொடுத்த பற்றுச்சீட்டு இருந்தது, தலைமைக் களஞ்சியம் அனுப்பவில்லை. கையில் இருந்த 49 முகத்தில் 41 சரி, அதாவது 84 சதவீதம். சுன்னாகத்தில் எல்லாச் சரக்கும் பின்னறையில் பெட்டிபெட்டியாக இருந்தது. 16 முகமும் கடையிலேயே இடம் மாறியவை. அவருடைய எண் 73 ஆகவே நிற்கிறது. ஆகவே இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள்: வாடிக்கையாளர் கண்ணில் படுவது எவ்வளவு, கடைக்காரர் கையில் இருந்ததில் சரியானது எவ்வளவு.

சுன்னாகத்தில் இடம் மாறியதற்கும் காரணம் தேடினேன். கண் மட்டத் தட்டில் வேறொரு கம்பனியின் பிஸ்கட் நின்றது. அவர்களுடைய விற்பனையாளர் இலவசமாக ஒரு ஸ்டாண்ட் கொடுத்து, பதிலுக்கு அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறார். கண் மட்டம்தான் றாக்கையில் அதிகம் விற்கிற இடம் என்பது அவருக்கும் தெரியும். இது ஒப்பந்த விடயம், கடைப் பொடியனைப் பிடித்துப் பேசிப் பயனில்லை. முதலாளியிடம்தான் கதைக்கவேண்டும்.

சில ‘வித்தியாசங்களை’ நான் குறிப்பதே இல்லை. கல்லாவுக்கு மேலே சாமிப் படம், வெள்ளிக்கிழமைப் பூமாலை, வாசலில் மாவிலைத் தோரணம். கையேட்டில் இவை இல்லை என்பதற்காகக் கழற்றச் சொல்கிற தணிக்கையாளரோடு எனக்கு உடன்பாடில்லை. இலச்சினையையும் விலையையும் மறைக்காதவரை அவை கடையினுடையவை. கையேட்டிலேயே அவற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லி எழுதினேன், ஒதுக்கியும் விட்டார்கள்.

அறிக்கை

ஒவ்வொரு குறைக்கும் நான்கு கட்டம்: என்ன, படம், யாருடைய பொறுப்பு, எந்தத் தேதிக்குள். பொறுப்பு என்ற கட்டத்தில் கடை, பலகை செய்தவர், களஞ்சியம், கையேடு என்ற நான்கில் ஒன்றுதான் வரலாம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். கழன்ற புள்ளியும் காலாவதியான சலுகைப் பதாகையும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகின்றன. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது, பெயரைக் கெடுப்பது, வெறும் அழகுக் குறை என்று மூன்றாகப் பிரித்தால் எதை முதலில் செய்வது என்று முதலாளிக்கே விளங்கும். பலகையின் அளவை மாற்றச் சொல்கிறீர்களென்றால், நகரசபை அல்லது பிரதேச சபை அனுமதியும் கட்டணமும் மாறுமா என்று அறிக்கையிலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் செலவு இரண்டு முறை.

எட்டில் இரண்டு கடைகளை வேறொருவரைக் கொண்டு அதே கிழமை திரும்பப் பார்க்கச் செய்யுங்கள். இருவர் விடையும் மாறுகிற கேள்வியைத் திருத்தி எழுதவேண்டும். ‘பலகை சுத்தமாக இருக்கிறதா?’ என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவே இல்லை. ‘வீதிக்கு மறுபக்கம் நின்று பார்த்தால் தூசிக் கோடு தெரிகிறதா?’ என்று மாற்றிய பிறகு சண்டை வரவில்லை.

பருத்தித்துறைக்கு மூன்று தாள் போனது. கதவு எழுத்து கடைக்கு, அதுவும் உட்பக்கம் ஒட்டும் முறையைப் படத்தோடு காட்டி. ஒடுங்கிய முகப்பு வடிவமைப்பு தலைமை அலுவலகத்துக்கு. தெற்குப் பார்த்த அந்தப் பலகைக்கு அச்சடித்த பிளெக்ஸுக்குப் பதில் வெட்டி ஒட்டும் தாள் என்று பலகை செய்பவருக்கு. ஆறு கிழமை கழித்து அதே மதகின் மேல் நின்று படம் எடுத்தேன். இலச்சினை 3.2, கதவில் 7 புள்ளி. சட்டத்தின் மூலை ஆணியை மட்டும் அண்ணை இன்னும் இறுக்கவில்லை. அதைத் தளர்த்தியது நான் என்பதால், ஏணி வாங்கி நானே இறுக்கிவிட்டு வந்தேன்.